ஒரு பெயருக்கு ஒரு சீட்டு

மேசைப்பந்து மன்றத்தின் ஏணிப் பலகையை, அதாவது ஆட்டக்காரர்களின் தரவரிசையை, பார்த்துக்கொள்பவர் கண்ணாடிக் கடைக்காரர். சம்பளமில்லாத வேலை, வசவு மட்டும் தாராளம். உங்களுக்கு மேலே இருக்கும் இருவரில் யாருக்கும் சவால் விடலாம். உங்கள் சீட்டை அவர் பெயர் வில்லையின் கீழே மாட்டவேண்டும். ஜெயித்தால் அவர் இடம் உங்களுக்கு, அவர் ஒரு படி கீழே. ஒரு ஆட்டம் நிலுவையில் இருந்தால் அந்த இருவர்மேலும் வேறு சீட்டு விழக்கூடாது. அழைக்கப்பட்டவர் மூன்று நாள் அவகாசம் கேட்கலாம். மாதக் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஏணி மூடும், முதல் நான்கு பேர் மன்ற அணியில். ஆறுக்கு முன் தொடங்கின ஆட்டம் செல்லும்.

நான்காவது படியில் கடைக்காரரின் மச்சினன். ஐந்தில் அவரே. ஆறில் ஒரு பேருந்து ஓட்டுநர் அம்மாள். இரண்டே மாதத்தில் பதினாலாம் படியிலிருந்து ஏறி வந்தவள். அவளைக் கண்டாலே மச்சினனுக்குப் பயம்.

"என் தம்பி அணிக்குப் போகணும். அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றாள் கடைக்காரரின் வீட்டுக்காரி. அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் மூன்று வாரமாகச் சொன்னாள்.

சாவி கண்ணாடிக் கடைக்காரரிடம். அறையைத் திறந்ததும், ஒரு ஈ காக்கை வருமுன், மச்சினன் பெயரின் கீழே தன் சீட்டை மாட்டிவிடுவார். வார இறுதியில் ஆடித் தோற்பார், மறுபடி மாட்டுவார். ஓட்டுநருக்கு இரண்டு கதவும் அடைப்பு. இதைத் தடுக்கச் சட்டத்தில் வரி கிடையாது. சட்டத்தை எழுதினவரே அவர்தான்!

கடைசி ஞாயிறு. வேண்டுமென்றே ஐந்து மணிக்கு ஆட்டத்தை வைத்திருந்தான் மச்சினன். ஓட்டுநர் சீருடையோடு வந்து நின்றாள், கையில் பேட்.

"மூணு ஞாயிறா ஷிப்ட் மாத்திக்கிட்டு வர்றேன் சார். நீங்க ரெண்டு பேரும் நிஜமாத்தான் ஆடுறீங்களா?"

"நிஜமாத்தாம்மா" என்றார். சொன்னதும் காது சுட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பலகைக்கு முன்னால் ஒருவரும் தன் நேர்மையைச் சந்தேகித்து இப்படிக் கேட்டதில்லை; அது அவருக்கு வலித்தது.

ஆட்டத்தை மச்சினனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு விலகலாமா என்று யோசித்தார். பயனில்லை. அவள் உடனே சீட்டு மாட்டினாலும், மச்சினன் மூன்று நாள் கேட்பான், ஏணி மூடிவிடும். ஒரே வழிதான் இருந்தது. இவனை ஜெயித்து நான்காவது படியில் தானே நிற்கவேண்டும். அப்போது அவள் இவருக்குச் சவால் விடலாம்.

"மெதுவா ஆடுங்க மாமா, நேரம் ஓடட்டும்" என்று முணுமுணுத்தான் மச்சினன்.

"சரி மாப்ள."

முதல் செட்டை அவன் எடுத்தான். இரண்டாவதில் அவர் வெட்டிவிட்ட பந்துகள் மேசையில் விழுந்து எழும்பாமல் கிடந்தன. மச்சினன் முகம் மாறியது. "என்ன மாமா இது?" "ஆட்டம்டா." நான்காவது செட் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. கடைசி செட்டில் அவன் அடித்த பந்து வலையில் மோதி விழுந்தது, பதினொன்றுக்கு ஏழு என்று அவர் ஜெயித்தார்.

வில்லைகளை மாற்றி மாட்டினார். தன் பெயர் நான்காவது ஆணியில். இதுவரை ஒருநாளும் ஏறாத இடம். அணி! வெளியூர் ஆட்டங்கள்! திடீரென்று அந்த இடம் வேண்டும் என்றிருந்தது அவருக்கு, பசி மாதிரி. இதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவேயில்லை.

ஓட்டுநர் சீட்டை மாட்டினாள். கடிகாரத்தில் ஆறுக்குக் கால்மணி.

"மூணு நாள் கேளுங்க மாமா" என்றான் மச்சினன், கோபம் போன இடம் தெரியாமல். "நானில்லாட்டி நீங்களாவது போங்க. அக்கா சந்தோஷப்படுவா. சட்டப்படி உங்க உரிமைதானே?"

உரிமைதான். அவர் வாய் திறந்தது. அறையிலிருந்த எல்லாரும் அந்த வாயையே பார்த்தார்கள். மூன்று நாள் என்று இரண்டே வார்த்தை.

"இப்பவே ஆடலாம்மா."

அவள் விளாசினாள், அவர் தூரத்தில் நின்று வெட்டினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. கடைசி செட்டில் ஒன்பதுக்கு ஒன்பது. மேசை விளிம்புக்கு வந்த பந்தைக் குப்புற விழுந்து எடுத்தார், அவள் திருப்பி அடித்தாள், எட்டவில்லை. அடுத்ததும் எட்டவில்லை.

அவள் பெயரை நான்காவது ஆணியில் அவரேதான் மாட்டினார். ஆணி இரண்டுமுறை தப்பியது. அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"பாவம்னு விட்டுக்கொடுத்தீங்களா சார்?"

"இல்லம்மா" என்றார், கண் கலங்கியது. "விட்டுக்கொடுக்க மனசே வரல."