இடது கால் பஸ்ஸில், வலது கால் லாரியில்

இதில் ஒரு சொல் பொய்யென்று யாராவது நிரூபித்தால், சொன்ன நாக்கை அறுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். அத்தனையும் சத்தியம். நடுவில் கேள்வி கேட்கலாம், தடையில்லை.

கேள்வி: செருப்புக்கடைக்காரருக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம்?

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகள் எல்லாருக்கும் கறுப்பு ஷூ அவர் கடையில்தான் என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக்கு ஒரு வாலும் இருந்தது: "திங்கக்கிழமை காலையில ஷூ வரலேன்னா எதிர்க்கடையில வாங்கிக்குவேன். அப்புறம் என்னைக்கும் உங்க படி ஏறமாட்டேன்." எதிர்க்கடை கூடப்பிறந்த தம்பியுடையது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை, முறைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: மொத்தத்தையும் பஸ் பார்சலில் போட்டிருந்தால் மறுநாளே வந்திருக்குமே?

வந்திருக்கும். ஆனால் பஸ்காரன் கனத்த மூட்டைக்குக் கறந்துவிடுவான். டிரான்ஸ்போர்ட்டில் மலிவு, ஆனால் லாரி நிறைந்தால்தான் கிளம்பும். அதுவும் போகட்டும். போன தடவை பஸ்ஸில் வந்த பெட்டியில் சில ஜோடிகளைக் காணோம். கண்டக்டரைக் கேட்டால் டிரைவரைக் காட்டினார். டிரைவர் வானத்தைக் காட்டினார். அந்த எரிச்சலில் நம்மவருக்கு ஒரு யோசனை உதித்தது. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார்.

"இடது கால் எல்லாம் பஸ்ல போடுங்க. வலது கால் எல்லாம் டிரான்ஸ்போர்ட்ல போடுங்க."

"அண்ணே, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

"ஒத்தைக்கால் ஷூவை எவன்யா திருடுவான்? சொன்னதைச் செய்யும்!"

கேள்வி: வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லையா?

சொல்லாமல் விடுவாளா? இடது கால் மூட்டைகள் மறுநாள் விடிகாலையே பஸ் நிலையத்தில் வந்து இறங்கின. கடையில் பிரித்துப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஒத்தைக்கால்ல நின்னு தவம் பண்ணப்போகுதா?"

"வலது கால் லாரியில வருதுடி."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்லுவாங்க. அப்படி ஒரு ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

கேள்வி: லாரி வந்ததா?

எங்கே வந்தது! வெள்ளி போய் சனியும் வந்தது. மொத்த வியாபாரி அனுப்பியிருந்த ரசீதைப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போனார். கிளார்க் காது குடைந்துகொண்டிருந்தார்.

"சரக்கு அங்க கோடவுன்லதாங்க இருக்கு. லோடு சேரலை."

"லோடு சேரலையா? புக் பண்ணும்போது ரெண்டு நாள்னு சொன்ன வாய் எங்கய்யா போச்சு?"

"அது உத்தேசமா சொல்றதுங்க."

"நான் உத்தேசமாவா பணம் கட்டினேன்?"

"கத்தாதீங்க சார். வந்ததும் போன் பண்றோம். நீங்களே வந்து எடுத்துக்கணும், வீட்டு டெலிவரி இல்லை. நாள் கடந்தா கோடவுன் வாடகை போடுவோம்."

"நீங்க லேட்டாக்கினா உத்தேசம், நான் லேட்டாக்கினா வாடகையா? எந்த ஊரு நியாயம்யா இது?"

நியாயமான கேள்விதான். கிளார்க் மறு காதைக் குடைய ஆரம்பித்தார்.

கேள்வி: பிறகு என்ன செய்தார்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இடது கால்களை எல்லாம் மறுபடி மூட்டை கட்டி, அன்று சாயங்கால பஸ்ஸிலேயே மொத்த வியாபாரிக்கு ஏற்றிவிட்டார். வியாபாரி அங்கே டிரான்ஸ்போர்ட் கோடவுனிலிருந்து வலது கால்களை மீட்டு, ஜோடி சேர்த்து, பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது திட்டம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மொத்தக்கடைக்கும் விடுமுறை, கோடவுனுக்கும் விடுமுறை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. போனை எடுக்க ஆளில்லை.

திங்கள் விடிகாலை கிளார்க்கே போன் செய்தார். "லோடு சேந்துடுச்சுங்க. லாரி வந்துடுச்சு."

வலது கால்கள் வந்துவிட்டன. இடது கால்கள் போய்விட்டன. கடை வாசலில் நின்று அவர் போட்ட கூச்சலில் எதிர்க்கடைத் தம்பி, பல் விளக்கிக்கொண்டிருந்தவன், நுரையை விழுங்கிவிட்டான்.

கேள்வி: அப்படியானால் ஆர்டர் கைவிட்டுப் போயிற்றா?

போகவில்லை. பஸ் பார்சலுக்கு ஒரு குணம் உண்டு: இறங்கும் இடத்தில் வாங்க ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூட்டை கண்டக்டர் தலையில். அங்கே யாரும் வரவில்லை என்று கண்டக்டர் அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பஸ் நிலையத்திலிருந்து தகவல் வந்ததும் கடைக்காரர் ஓடினார். ஓடியவர் நன்றி சொன்னாரா?

"இறக்கச் சொன்ன இடத்துல இறக்காம சுத்திக்கிட்டு வர்றீங்களே, இதுக்கா காசு வாங்கினீங்க?"

"திரும்பி வந்ததுக்கும் சேத்துக் குடுங்க" என்றார் கண்டக்டர்.

"திட்டறதை மத்தியானம் வச்சுக்குங்க" என்று பின்னாலேயே வந்த மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். டிரான்ஸ்போர்ட்டில் வலது கால்களையும் எடுத்துக்கொண்டு, இருவரும் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தார்கள். மணி அடித்தபோது கடைசிப் பிள்ளை லேஸ் கட்டிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். அடுத்த வருஷத்துக்கும் அந்தத் தலையாட்டல் செல்லும்.

அந்த ஊர் ஒரு தீவு. பாலம் இன்னும் கட்டவில்லை; பஸ்ஸோ லாரியோ அங்கே போனதே இல்லை.