சிவப்புக் கோட்டுக்கு மேலே

பெரிய மருமகளிடம் எந்தக் கடைக்காரனின் பருப்பும் வேகாது. பாலை அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டுத்தான் எடுப்பாள். முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொன்றையும் திருகிப் பார்ப்பாள். அசையாமல் ஒட்டியிருந்தால் அடியில் விரிசல் என்று அர்த்தம். உறைந்த பட்டாணி குலுக்கினால் சலசலக்க வேண்டும். கட்டியாகக் கிடந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது.

மாமனாருக்குப் புற்றுநோய் மருந்து ஏற ஆரம்பித்தபின் அவள் மதிப்பு இன்னும் ஏறியது. அவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை, கெட்டது ஒரு வாய் போனாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மதிப்பில் பங்கு கேட்க வந்தாள் புதிதாய்க் கல்யாணமாகி வந்த சின்ன மருமகள். வந்த நாளாக எல்லோர் வாயிலும் சின்னவள், சின்னவள்தான். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

வாய்ப்புண்ணோடு கிடந்த மாமனார் அன்று ஐஸ்கிரீம் கேட்டார். மருமகள்கள் இருவரும் வாங்கப் போனார்கள். கடையின் உறைபெட்டியில், இதுவரைதான் அடுக்கலாம் என்று உள்சுவரில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு மேலேயும் டப்பாக்களைக் குவித்திருந்தார்கள். கோட்டுக்கு மேலே குளிர் நிற்காது. சின்னவள் உச்சியில் இருந்ததை எடுத்தாள். மூடி ஓரத்தில் கசிந்து காய்ந்த பிசுபிசுப்பு, ஒரு பக்கம் நசுங்கல்.

"தேதி அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குக்கா. எடுத்துக்கலாமா?"

"நீதான் பாத்துட்டியே."

வீட்டில் எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்து, உருகி மறுபடி உறைந்ததில் மேலே படிந்திருக்கும் ஐஸ் ஊசிகளைக் காட்டி, இவள் மூக்கை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் பெரியவளின் திட்டம். ஆனால் சின்னவளை ஐஸ்கிரீமோடு முன்னே அனுப்பிவிட்டு, முட்டை வாங்க வேறு கடை போனவள் திரும்பியபோது, மாமியார் அதை மாமனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தாம்மா தொண்டையில ஏதோ இறங்குது" என்றார் மாமனார். சின்னவளின் தலையைத் தடவினார்.

இப்போது சொன்னால், கடையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பெரியவள் முட்டையை அடுக்கப் போனாள். பாவி, டப்பாவையாவது தட்டிவிட்டிருக்கலாம். கிண்ணம் காலியாகும்வரை அடுக்கினாள்.

இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு, குளிர்க் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சை அறை வாசலில் டாக்டர் கேட்டார்: "சந்தேகப்படுற மாதிரி ஏதாவது சாப்பிட்டாரா? தெரிஞ்சா சொல்லுங்க, எந்தக் கிருமின்னு தேட வசதியா இருக்கும்."

சின்னவள் அழுதபடி சொன்னாள்: "நான் ஒரு ஐஸ்கிரீம் வாங்கினேன் டாக்டர். ஆனா அக்கா பக்கத்துலயே நின்னாங்க. கெட்டதா இருந்தா எடுக்க விட்டிருக்கவே மாட்டாங்க."

"பெரியவ கண்ணுல படாம எங்க வீட்டுக்குள்ள ஒரு பொருள் நுழையாதுங்க" என்றார் மாமியார். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டர் பெரியவளைப் பார்த்தார். "டப்பா நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் பெரியவள்.