இருநூற்று நாற்பது மூட்டை

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த தங்கதுரை, பயந்த சுபாவக்காரர். கடைக்குள் இரும்புத் தூண் நட்டு, குறுக்கே சேனல் இரும்புச் சட்டம் போட்டு, மேலே இரும்புத் தகடு விரித்து ஒரு பரண் கட்டியிருந்தார்கள். அவர் கடையை வாங்கும்போதே அது இருந்தது. புண்ணாக்கு மூட்டையும் தவிட்டு மூட்டையும் அதன்மேல்தான் இருக்கும். போன ஆடியில் ஒருநாள் தகடு கிரீச்சென்று சத்தம் போட்டது. அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளே ஆள் அனுப்பி இன்ஜினியர் இலக்கியாவைக் கூப்பிட்டார்.

இலக்கியாவுக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். படிப்பு முடித்து ஆறு வருஷம் ஆகிறது. வந்தாள், ஏணி வைத்து ஏறினாள், சேனலின் உயரத்தையும் தகட்டின் கனத்தையும் அளந்தாள், தூணோடு சேர்த்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். இரண்டு நாள் கணக்குப் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

"மேற்படி இடைத்தளத்தின் பாதுகாப்பான சுமை அளவு, ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ. தளத்தின் மொத்தப் பரப்பு 40 சதுர மீட்டர். சுமையைத் தளம் முழுவதும் சீராகப் பரப்பி வைத்தால் மொத்தம் 12,000 கிலோ வரை வைக்கலாம். அதற்கு மேல் வைக்கக் கூடாது."

இங்கிலீஷில் எழுதினால் அவருக்குப் புரியாது என்றுதான் தமிழில் எழுதினாள். சதுர மீட்டர் கணக்கோடு விட்டால் குழம்புவாரே என்றுதான் மொத்தக் கிலோவையும் போட்டாள். நல்லது செய்வதாகவே நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து தங்கதுரை போன் செய்தார். இலக்கியா அப்போது சின்னசேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், மூட்ட அம்பது கிலோ. அப்ப எரநூத்தி நாப்பது மூட்ட வெக்கலாம், சரிதானுங்களா?"

"ஆமாண்ணே, எரநூத்தி நாப்பதுதான். ஒண்ணு கூட ஜாஸ்தி வெக்காதீங்க."

"வெக்க மாட்டேன் மேடம்."

அவர் சொன்னபடியே நடந்தார். தூணில் சாக்பீஸால் 240 என்று பெரிதாக எழுதி வைத்தார். லோடு வந்தால் கூடவே நின்று எண்ணுவார். எண்ணிக்கை நிரம்பியதும், மீதியைத் தரையிலேயே போடச் சொல்வார். மூட்டை தூக்கும் தர்மன், "இன்னாங்க மொதலாளி, கோயில் உண்டியல எண்றா மாதிரி எண்ணிக்கினு கீறீங்க" என்று சிரிப்பான்.

தர்மன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊர். சாமை விதைப்புக்கும் அறுப்புக்கும் மலைக்குப் போவான். மற்ற நாளில் இந்தக் கடையில் மூட்டை தூக்குவான். மலைக்குப் போகும் வேனுக்குத் தீவனம் ஏற்றுவதும் அவன்தான்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. பரணின் பின்பக்கச் சுவரில் தண்ணீர் கசிந்தது. தீவனம் நனைந்தால் பூசணம் பிடிக்கும், அதைத் தின்கிற மாடு படுத்துவிடும். அதனால் பின்னால் இருந்த மூட்டைகளை எல்லாம் முன்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார் தங்கதுரை. தர்மனும் இன்னொரு ஆளும் சேர்ந்து எட்டு அடுக்காக ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் அவர் மறுபடி எண்ணினார். சரியாக இருநூற்று நாற்பது. ஒன்றுகூட ஜாஸ்தி இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் வந்தது. தர்மன் பரணுக்குக் கீழே குனிந்து ஒரு மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டிருந்தான். முன்பக்கச் சேனல் இரண்டும் வளைந்தன. தூணோரத்து போல்ட் அறுந்தது. தகடு சரிந்து, மூட்டைகள் அத்தனையும் அவன்மேல் வந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இலக்கியா கடைக்கு வந்தபோது தங்கதுரையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். கிழிந்த சாக்குகளுக்கு நடுவே நின்று அவள் கணக்குப் போட்டாள். எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூட்டை படுக்கும். மூன்று அடுக்கு வைத்தால் முந்நூறு கிலோ. எட்டு அடுக்கு வைத்தால் எண்ணூறு. நாற்பது சதுர மீட்டர் தாங்க வேண்டிய பாரத்தைப் பதினைந்து சதுர மீட்டர் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

மூணு அடுக்குக்கு மேல வேணாம். நாலே வார்த்தை. அதைத்தான் அவள் எழுதவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சீராகப் பரப்பினு தெளிவா எழுதிக்கீறீங்களேம்மா. உங்க மேல ஒண்ணும் வராது. ஓனர்தான் கேக்கல."

"அவரு கேட்டாருங்க சார்."

"இன்னா?"

"எனக்கு போன் பண்ணிக் கேட்டாரு. எரநூத்தி நாப்பது மூட்ட வெக்கலாமானு. நானும் ஆமானு சொன்னேன். எப்படி அடுக்கப் போறீங்கனு கேக்கல."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஓனர் இதச் சொல்லவேல்லியே. இத எழுதுனா உங்களையும் சேக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கதுரை தலை தூக்கவில்லை. அவர் சட்டையெல்லாம் தவிட்டுத் தூள். "மேடம் பேர இழுக்காதீங்க சார்" என்றார். "எண்ணுனது நான்தானுங்களே. எண்ணிக்கினே இருந்தேன். எண்ணுனா போதும்னு இருந்துட்டேன்." அதற்குமேல் பேச வராமல் விசும்பினார்.

இலக்கியா அந்த போன் பேச்சை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளையும் வழக்கில் சேர்த்தார்கள். கல்யாண மண்டபக்காரர் வேறு இன்ஜினியரைப் பார்த்துக்கொண்டார். அவள் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். "யாரும் கேக்காததப் போயி நீயே ஏன்டி சொன்ன?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். சொல்லாமல் வீட்டுக்கு வந்திருந்தால் என்னவாகியிருப்பாள் என்று இலக்கியாவுக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒருநாள் வெள்ளிமலை பஸ் ஏறினாள். தர்மன் வீட்டு வாசலில் அவன் பெண்சாதி வெள்ளச்சி சாமையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று தெரிந்ததும், உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கைவேலையையும் விடவில்லை.

சாமையைத் துழாவிக்கொண்டே, "சொன்ன கணக்குக்கு மேல ஒரு மூட்டகூட வெக்கலனு கடக்காரரு வந்து அழுதாரு" என்றாள். "அப்புறம் ஏன் வுழுந்துச்சு?"

இலக்கியா தரையில் குந்தினாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். மூட்டை அத்தனையும் தளம் முழுக்கப் பரவியிருந்தால் ஒவ்வொரு இரும்புக்கும் கொஞ்சம் கொஞ்சம்தான் பாரம் போகும், ஒரே பக்கம் குவித்ததால் ரெண்டே இரும்புமேல் எல்லாம் இறங்கிவிட்டது என்றாள். போனில் தான் சொன்னதையும் மறைக்கவில்லை.

வெள்ளச்சி உடனே புரிந்துகொண்டாள். "இத எங்க வூட்டுக்காரருகிட்ட யாரும் சொல்லலியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா ஏத்தியிருக்க மாட்டாரு. மூட்ட அடுக்கறது அவருதான?"

"ஆமாம்மா."

"லெட்டர மொதலாளிக்கு எழுதிக்கீற."

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் இலக்கியா அத்தனை தூரம் வந்திருந்தாள். அந்த வார்த்தை அங்கே எதற்கும் போதாது என்று தோன்றியது.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளச்சி எழுந்து சாமையை அவசர அவசரமாக முறத்தில் வாரினாள். இலக்கியாவும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டாள். வெள்ளச்சி தடுக்கவில்லை. ரெண்டு பேருமாக எல்லாவற்றையும் வாரி உள்ளே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டி முடித்ததும் வெள்ளச்சி கதவோரம் சாய்ந்து நின்று, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். இலக்கியா பக்கத்தில் நின்றாள். கடைசி பஸ் கீழே திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை.