அடைப்புக்குறிக்குள் முப்பத்தெட்டு வீடுகள்

திருடியவனுக்குத் தேள் கொட்டினால் கத்தக்கூட முடியாது என்பார்கள். பேச்சிராஜாவுக்குத் தேள் கொட்டுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாக வேல்விழி வயிறெரிந்து கிடந்தாள்.

சங்கரன்கோவிலில் குருநாதன் அண்ணாச்சி நடத்தும் இன்டர்நெட் கம்பெனியில் இருவருக்கும் வேலை. ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. இனி இன்டர்நெட் வேண்டாம் என்று மோடம் பெட்டியைக் கழற்றிய வீடுகளின் இணைப்பை மூட, அவற்றின் வாடிக்கையாளர் எண்களை பில்லிங் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சர்வருக்குச் சும்மா பட்டியல் ஆகாது. சதுர அடைப்புக்குறிக்குள், கமா போட்டு, எண்களாகவே கொடுக்க வேண்டும். பட்டியலை ஒட்டினால் அப்படி மாற்றி அனுப்பும் பக்கத்தை வேல்விழிதான் உட்கார்ந்து எழுதினாள். பேச்சிராஜா என்ன செய்தான்? "மாமா, நான் செஞ்சது எப்படி?" என்று அண்ணாச்சியிடம் காட்டி, ராயகிரி கிளைக்குப் பொறுப்பாளர் பதவியை வாங்கிக்கொண்டான். அக்கா மகன் சொன்னால் அண்ணாச்சி மறுபேச்சு பேசுவாரா? வேல்விழியைப் போன் எடுக்கும் நாற்காலியில் போட்டுவிட்டார்.

அன்று காலை பேச்சிராஜா ராயகிரியிலிருந்து வந்து வேல்விழிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தான். கரிவலம்வந்தநல்லூர் லைன்மேன் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பியிருந்தார். லைன்மேன்களுக்கு ஒரு வழக்கம்: வரிசை எண் போடாமல் எழுதமாட்டார்கள். 1) 4521, 2) 4533, 3) 4570 என்று முப்பத்தெட்டு வரி.

வேல்விழி எழுதிய பக்கமாயிருந்தால் இதை வாங்கியிருக்காது. வரி முழுக்க இலக்கமாக இல்லையென்றால் சிவப்பில் காட்டி நிற்கும். அந்தச் சிவப்பு இந்தத் துரைக்குத் தொல்லையாம்! போன வாரம் அந்தச் சோதனையைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கெல்லாம் இலக்கம் தெரிகிறதோ அங்கெல்லாம் பொறுக்கி எடு என்று மாற்றிவைத்திருந்தான்.

ஒட்டினான். கீழே வந்து நின்றது: [1,4521,2,4533,3,4570...

வேல்விழி எட்டிப் பார்த்தாள். கமா சரி, அடைப்புக்குறி சரி. எல்லாமே எண்கள்தான், சர்வர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை யார்? கம்பெனி தொடங்கியபோது முதலில் சேர்ந்த அண்ணாச்சியின் சொந்தபந்தங்கள். ஒன்றாம் எண் அண்ணாச்சி வீடேதான்.

"என்னட்டி பாக்க? கத்துக்கிடணுமா?" என்றான் பேச்சிராஜா.

சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. நீ அனுப்புலே, உனக்குத் தெரியாததா?" என்றாள். செத்தான் பயல் என்று உள்ளே குதியாட்டம் போட்டாள்.

அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் போன் அலறத் தொடங்கியது. சம்பந்தி வீடு, சித்தப்பா வீடு, ஜவுளிக்கடை மச்சினன். "காலைல இருந்து நல்லாத்தான இருந்துச்சு, என்ன எழவு ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வேல்விழி தேனாகப் பேசினாள். "பேச்சிராஜா சார்தான் பாக்காக. நம்பர் தாரேன், எழுதிக்கிடுங்க." ஒருத்தர் விடாமல் அவனுடைய செல் எண்ணைக் கொடுத்தாள். அவன் சட்டைப்பை ஓயாமல் அதிர்ந்தது.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "ஏலே, என் வீட்டையே மூடிட்டியா?"

"மாமா, நான் இல்ல! அந்தப் பக்கத்தை எழுதினதே இவதான். இவ எழுதினதுலதான் கோளாறு!"

அண்ணாச்சி அவனையே பார்த்தார். "நீ எழுதினேன்னுதானலே சொன்ன?"

இந்த ஒரு நொடிக்காகத்தானே அவள் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்! "ஆமா அண்ணாச்சி, எழுதினது நான்தான்," என்றாள். "இவன் மாத்தினது எதுன்னும் காட்டுதேன்." தான் வைத்திருந்த பழைய பிரதியைத் திறந்து அதே பட்டியலை ஒட்டினாள். முப்பத்தெட்டு வரியும் சிவந்து நின்றன.

அண்ணாச்சிக்குப் புரிந்தது. "தெரிஞ்சா முன்னயே சொல்லியிருக்கலாம்ல, மக்கா?"

"என்னைய யார் கேட்டா அண்ணாச்சி? நான் போன் எடுக்கவ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி. இனி ராயகிரியை நீ பாரு. முதல்ல எல்லா வீட்டையும் தொறந்துவிடு."

அவள் வரிசை எண்களை மட்டும் வரிக்கு ஒன்றாக ஒட்டி, 'மூடு' என்பதற்குப் பதில் 'திற' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை சுத்தமாக வந்து நின்றன. இருபத்தேழு, பேச்சிராஜா வீடு. பாவம் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தோன்றவில்லை. பட்டியலில் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு அனுப்பினாள்.