குகைக்குள் ஒரு காது

ஆர்லன் சொர்வாரிக்கு இடது காது போய் மூன்று மாதமாயிற்று. ஒரு காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் உலகமே அடைத்துக்கொண்டிருந்தது. டுலூத் நகரத்து மருத்துவர்கள் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள்; திரும்பி வரவில்லை. மனைவி டெலியாவைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை. வீடியோ கேம்களுக்கு வீட்டிலிருந்தே இசையமைத்துப் பிழைப்பவர், ஒரு காது கேட்காது என்று எப்படிச் சொல்வது?

மார்ச் மாதத்தில் மான்ட்ரியாலிலிருந்து நொயெமி கௌஷேயின் செய்தி வந்தது. சின்னக் குழு ஒன்று செய்துகொண்டிருந்த விளையாட்டுக்கு அவள்தான் இயக்குநர். குகைக் கட்டத்துக்கு இசை வேண்டுமாம். ஆர்லன் அதைத் திறக்காமலே காபி கலந்தார், பாத்திரம் துலக்கினார்.

"படிச்சாத்தானே தெரியும். துலக்கின தட்டையே எத்தனை தடவை துலக்குவ?" என்றாள் டெலியா.

"இடமும் வலமும் சுத்திச் சுழலணும்னு கேப்பா. குகைன்னா எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. என்னால அத சரிபாக்க முடியாது, டெலியா."

"கேக்கட்டும். அப்புறம் அழலாம்."

படித்தார்.

"ஆர்லன், குகைன்னதும் பயமுறுத்திடாதீங்க. ஆடுறவங்க புயல்ல மாட்டி, தப்பிச்சு உள்ள வர்றாங்க. அப்பாடான்னு இருக்கணும். நனைஞ்ச கோட்டைக் கழட்டிப் போட்ட மாதிரி. ஆனா இன்னும் வெளிய போற வழி தெரியாது; அந்தச் சின்ன உறுத்தல் அடியில ஓடணும். மூணு அடுக்கு வேணும்: அடியில நீளமான சுரம், நடுவுல மெல்லிசா மணி மாதிரி ஒண்ணு, ஆபத்து வந்தா மட்டும் முழவு. மூணும் ஒரே வேகம், ஒரே நீளம். ஒண்ணாவே ஓடிட்டிருக்கும், கேம் தேவைப்படி ஒவ்வொண்ணையும் ஏத்தி இறக்கும். இசை திரும்பத் திரும்ப ஓடும்கறதால, முடிவுல தேயுற எதிரொலிய வெட்டிடாதீங்க, ஆரம்பத்து மேல படிய வைங்க, அப்பத்தான் தையல் தெரியாது. இருபதாவது சுத்துல எரிச்சல் மூட்டுற மெட்டு வேண்டாம். முக்கியமா, இசை நட்ட நடுவுல நிக்கட்டும், ரெண்டு பக்கமும் பரப்பாதீங்க. தண்ணி சொட்டுற சத்தம் இடமா வலமான்னு கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கணும்."

ஆர்லன் இரண்டாம் முறை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். நடுவில் நிற்கும் இசை! அதற்கு ஒரு காது போதும்.

"பாத்தியா?" என்றாள் டெலியா.

அவருடைய சிரிப்பு நீடிக்கவில்லை. கண் கடைசி வரிக்குத் திரும்பியது. சொட்டும் சத்தம் இடமா வலமா? அவரே அந்த விளையாட்டை ஆடினால் அந்தக் குகையிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். அவரைப் போல் எத்தனை பேரோ. வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டே விட மனம் ஒப்பவில்லை. நொயெமியை அழைத்தார்.

"நொயெமி, இசை நீங்க கேட்ட மாதிரியே செஞ்சிடுவேன். ஆனா உங்க குகையில எனக்கு வழி கிடைக்காது."

"ஏன், பாதை அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"எனக்கு இடது காது கேக்காது. டிசம்பர்லேர்ந்து."

வேலை போயிற்று என்று ஆர்லன் முடிவு கட்டிக்கொண்டார்.

"ஐயோ, ஆர்லன்!" என்றாள் நொயெமி. "நாலு மாசமா இந்தச் சொட்டுச் சத்தத்தையே கட்டிட்டு அழறோம். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூட இது தோணல. ஒரு காதோட ஆடினா எப்படிக் கேக்கும், சொல்லுங்க."

"எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து வரும். திசையே இருக்காது."

"அப்போ என்ன செய்யலாம்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "சொட்டுற பக்கம் முகத்தைத் திருப்பினா சத்தம் தெளிவாகட்டும். வேற பக்கம் திரும்பினா மங்கட்டும், போர்வைக்குள்ளேர்ந்து கேக்குற மாதிரி. சுத்திச் சுத்திப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம். நான் இப்ப கடைத்தெருவுல அப்படித்தான் செய்றேன், பைத்தியம்னு நினைக்கிறாங்க."

"நினைக்கட்டும்! இன்னைக்கே ப்ரோக்ராமர்கிட்ட சொல்றேன். இசை உங்களோடதுதான், வேற யார்கிட்டயும் போக மாட்டேன். ஆனா இதையெல்லாம் இவ்வளவு நாள் தனியா சுமந்தீங்களா? நல்ல ஆளு நீங்க."

அழைப்பு முடிந்ததும் ஆர்லன் எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஏரிப் பனிக் காற்று முகத்தில் அடித்தது. டெலியா ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்தியபடி, "குளிர் கொல்லுது, மூடுய்யா," என்று கத்தினாள். வலது பக்கம் நின்று கத்தியதால் ஒரு சொல் தவறாமல் கேட்டது.

ஏப்ரலில் மூன்று அடுக்குகளும் போய்ச் சேர்ந்தன. முழவை மட்டும் நொயெமி இரண்டு முறை திருப்பி அனுப்பினாள், பயம் தூக்கலாக இருக்கிறதென்று. பிறகு, சொட்டுச் சத்தத்தை மாற்றியமைத்த குகை ஆடிப் பார்க்க வந்தது. ஹெட்போன் மாட்டி ஆடிய ஆர்லன் இரண்டு முறை சுவரில் முட்டினார். மூன்றாம் முறை நின்ற இடத்திலேயே சுற்றினார். ஒரு பக்கத்தில் சொட்டு பளிச்சென்று கேட்டது. அந்தப் பக்கமே நடந்து வெளியே வந்துவிட்டார்.