தேர் நாளில் வந்த பதினொரு பேர்

பிரஷாந்தினியின் கோப்பு அத்தனை சுத்தமாக இருந்ததுதான் எனக்கு முதல் சந்தேகம். பதினாறு வருடமாகக் கணக்காய்வு செய்கிறேன். ஒரு அடித்தல், ஒரு தேநீர்க் கறை, ஒரு கேள்விக்குறி இல்லாத கோப்பை நான் நம்பினதே கிடையாது. வீட்டுக்காரி இதற்காகவே என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பசறைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு எங்கள் நிறுவனம்தான் வெளிவாரிக் கணக்காய்வு. பிரஷாந்தினி தோட்டத்தின் உள்ளகக் கணக்காய்வாளர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடும் ஆட்களை நேரில் எண்ணி, சம்பளத்துக்கு ஆதாரமான செக்ரோலில் விழுந்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாதத்துக்குச் சில நாட்கள் என்று ஆறு மாதத்துக்கு எழுதி வைத்திருந்தாள்.

பதுளையிலிருந்து எங்கள் பங்காளர் சிவஞானம் சேர் அழைத்தார்.

"இந்திரஜித், அந்தப் பிள்ள செய்ததை அப்படியே எடுத்துக்கோ. கணக்காய்வு நியமம் இடம் குடுக்குதுதானே? நமக்கு மூணு நாள் வேலை மிச்சம்."

"இடம் குடுக்குது சேர். ஆனா அவ யாருக்குக் கீழ வேலை செய்றா, வேலை தெரியுமா, ஒழுங்கா செய்றாளா, மூணையும் பார்த்துட்டுத்தான். பார்த்த பிறகும் கொஞ்சத்தை நாமளே திருப்பிச் செய்யணும். கையெழுத்து நம்மளோடது. பிழை வந்தா அந்தப் பிள்ளயைக் காட்டித் தப்ப ஏலாது."

"சரி, சரி, பார்த்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

வேலை தெரியுமா என்பதில் எனக்குக் குறை சொல்ல வழியில்லை. லயத்தில் பிறந்து, பரீட்சைகளை ஒவ்வொன்றாகப் பாஸ் பண்ணி வந்தவள். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னாள். ஆனால் பேசும்போதெல்லாம் பக்கத்து அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். அது தோட்ட மேலாளரான பெரிய துரையின் அறை.

துரை எனக்குத் தேநீர் வரவழைத்தார். ரொம்ப நல்ல மனிதர் போலச் சிரித்தார்.

"பிரஷாந்தினிட கொன்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியோட முடியுது. நீங்க அவட கோப்பை ஏத்துக்கிட்டா நான் புதுப்பிச்சிடுவேன். இல்லாட்டி எனக்கு எதுக்கு ஒரு கணக்காய்வாளர்?"

அட கடவுளே! இந்த மனிதர் நடத்துகிற தோட்டத்தைத்தான் அவள் சோதிக்கிறாள். அறிக்கை போவதும் இவரிடமே. கொழும்பில் இருக்கிற தோட்டக் கம்பனியின் கணக்காய்வுக் குழுவுக்கு அவள் பெயராவது தெரியுமோ என்னவோ. அவள் சோற்றில் கை வைக்கிற அதிகாரம் இவருக்கு. அவள் கோப்பில் என்ன எழுதியிருந்தால்தான் என்ன?

அப்போதே கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் மூடினால் ஒரு பெண் பிள்ளையின் வேலை போகிறது. அதுவும் துரை எவ்வளவு சாமர்த்தியமாக அந்தப் பாரத்தை என் தலையில் தூக்கி வைத்துவிட்டார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, சில நாட்களைத் திருப்பிச் சோதித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தோட்டத்துக் கீழ்ப்பிரிவின் தாளில் ஒரு நாள் கண்ணில் குத்தியது. மற்ற நாட்களில் எண்பத்தைந்து, எண்பத்தெட்டு என்று ஆட்கள். சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை மட்டும் பதினொன்று. "நேரில் பார்த்தேன்" என்று அவள் கையெழுத்து. செக்ரோலிலும் அதே பதினொரு பெயர்தான். ரெண்டும் அழகாகப் பொருந்தியது. அதிகமாகப் பொருந்தியது.

கீழ்ப்பிரிவுக் கங்காணி இராசையாவைத் தேடிப் போனேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றார்.

"அண்ணே, அந்த வியாழக்கிழமை ஏன் பதினொரு பேர்தான் பெரட்டுக்கு வந்தாங்க?"

அவர் திகதியை ரெண்டு தரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அன்னிக்கு ஏதுங்க பெரட்டு? எங்க டிவிசன்ல மாரியம்மனுக்குத் தேரு. ஒரு குஞ்சுகூட வேலைக்கு வரல. நானே காவடி தூக்கினேங்க. மத்த டிவிசன்ல வேலை நடந்துச்சு, இங்க மட்டும் இல்ல."

"அப்ப இந்தப் பதினொரு பேரு?"

பெயர்களை வாசித்தேன். நாலாவது பெயரிலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இராக்கம்மா செத்து ரெண்டு வருசமாச்சுங்க. இந்தப் பய கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டான். இது யாருன்னே தெரியல."

செக்ரோல் எழுதுகிற கிளார்க் வெளியூர்க்காரன். இல்லாத ஆட்களுக்குத் தினமும் பெயர் போட்டுப் பழகிய கை, கீழ்ப்பிரிவின் தேர் நாளிலும் போட்டுவிட்டது. உயிரோடு இருந்தவர்கள் அத்தனை பேரும் சாமி பார்க்கப் போய்விட்டார்கள். இல்லாதவர்கள் மட்டும் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

நேராக அலுவலகத்துக்கு வந்தேன். துரை தொழிற்சாலைக்குப் போயிருந்தார். கோப்பை அவள் முன்னால் போட்டேன்.

"நேரில் பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. யாரைப் பார்த்தீங்க மிஸ்? பேயையா?"

பிரஷாந்தினி அழவில்லை. நான் அழுவாள் என்று நினைத்தேன்.

"மூணு மாசத்துக்கு முந்தியே அந்தப் பதினொரு பேரையும் பத்தி அறிக்கையில எழுதினேன் சேர். துரை அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு, வேற அடிச்சுத் தரச் சொன்னாரு. எண்ணிக்கைத் தாளையும் செக்ரோலைப் பார்த்து நிரப்பச் சொன்னாரு. நிரப்பினேன். எந்தெந்த நாளை நிரப்பணும்னு அவரு சொல்லல. தேர் நாளை நான் எடுத்தேன்."

"வேணும்னே?"

"எங்க ஆளு யாரைக் கேட்டாலும் தெரிஞ்சிடும். கேக்குறவங்க வரணுமே."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நான் கேக்காம அப்படியே நம்பியிருந்தா?"

"என் வேலை மிஞ்சியிருக்கும் சேர்" என்றாள், என் முகத்தைப் பார்த்தபடியே.

பொய்க் கையெழுத்துப் போட்டவள். உண்மையையும் அதே தாளில் வைத்தவள். நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தாளா, தவறவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளா? அவளுக்கே தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சிவஞானம் சேரிடம் சொன்னேன். இந்த முறை அவர் நாட்களை எண்ணவில்லை. அவள் கோப்பில் ஒரு வரியைக்கூட நாங்கள் எடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. துரைக்குக் கட்டுப்பட்ட ஆளின் வேலை, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், எங்களுக்கு ஆதாரம் ஆகாது. மோசடி வாடை அடிக்கிற இடத்தில் எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டும். கிழிக்கப்பட்ட பக்கத்தைப் பற்றியும் அவள் யாருக்கு அறிக்கை கொடுக்கிறாள் என்பதைப் பற்றியும் கணக்காய்வுக் குழுவுக்கு அன்றே எழுதினோம்.

மறுநாள் காலை ஆறரைக்கு, யாருக்கும் சொல்லாமல், கீழ்ப்பிரிவுப் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். மூடுபனி. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் எழுதிக்கொண்டு போனேன். பாதி வரிசையில் பிரஷாந்தினி பக்கத்தில் வந்து நின்றாள். லயத்தில் சேதி பரவ எவ்வளவு நேரம்?

"நான் ஒரு வரிசையை எடுக்கவா சேர்? சீக்கிரம் முடிஞ்சிடும்."

"வேணாம் மிஸ்."

"இவங்க எல்லாரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்."

"தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்கிறதுக்காக வேணாம்னு சொல்லல. நீங்க இன்னும் துரைக்குக் கீழதான் இருக்கீங்க. உங்களை வச்சு இந்த வேலையைச் செய்ய எனக்கு ஏலாது."

அவள் தள்ளிப் போய் வேலி ஓரம் நின்றாள். நான் முடிக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கூட்டிப் பார்த்தேன். எழுபத்தாறு. இனி செக்ரோலில் அந்தப் பதினொன்றும் சேர்ந்து எண்பத்தேழு விழுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

புறப்படும்போது அவள் வேலியோரத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்.

"எழுபத்தாறு பேர் சேர். இன்னிக்கு நான் உண்மையாவே எண்ணினேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைய செக்ரோல் என் கைக்கு வரும்வரை என் எண்ணிக்கையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.