கேட்காத மூன்று வாரம்

மாமனாருக்கு மெயில் எழுதுவது என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு பழைய பழக்கத்தை நினைவுபடுத்த வேண்டும், பிறகு மழையைப் பற்றிப் புலம்ப வேண்டும். அதற்கப்புறம்தான் வந்த காரியம் மெல்ல எட்டிப் பார்க்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மனுஷர். அவருடைய தோல்பைப் பட்டறையை நிமிர்த்தி வைத்திருந்ததோ ஒரே ஒரு வெளிநாட்டுக் கடைக்கார அம்மா. அந்தம்மாவுக்குப் போவதையெல்லாம் மருமகள்தான் ஆங்கிலமாக்குவாள். மாமா ஒரு பக்கம் சொன்னால் அவள் பிழிந்து நாலு வரி ஆக்குவாள். கேட்பதை முதல் வரியில் கேள், காரணத்தை அடுத்த வரியில் சொல், தேதியைப் போடு, வாயை மூடு. இவ்வளவுதான் அவளுடைய வித்தை. இத்தனை நாள் பலித்த வித்தைதான்.

இந்தத் தடவை வந்த தோலைச் சனியன் பிடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் சாயம் துணியோடு வந்தது. மொத்தத்தையும் திருப்பி அனுப்பியாயிற்று. புதுத்தோல் வந்து தைத்து முடிக்க, சொன்ன தேதிக்கு மேல் மூன்று வாரம் ஆகும். இந்த ஆர்டர் கை நழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான். அது தையல்காரப் பெண்கள் வரை எல்லாருக்கும் தெரியும்.

மாமா எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். தோல் கெட்ட கதை, ராத்திரி தூக்கம் போன கதை, அந்தம்மா முதன்முதலில் பட்டறைக்கு வந்தபோது குடை கொடுத்த கதை. கேட்க வேண்டியது மட்டும் வரவே இல்லை.

"மாமா, மூணு வாரம் டைம் வேணும்னு முதல் வரியிலயே கேட்டிருக்கேன். படிச்சுக் காட்டவா?"

"அதை எடுத்துடும்மா."

"எடுத்துட்டா என்ன மாமா மிச்சம் இருக்கும்?"

"கஷ்டத்தைச் சொன்னாப் போதும். பழகினவங்க, அவங்களே பார்த்து, 'பரவாயில்ல, மெதுவா அனுப்புங்க'ன்னு சொல்லுவாங்க. நாமளா கை நீட்டினா மரியாதை போயிடும்."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் மாமா."

"நான் பிள்ளை இல்லையேம்மா" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வரியை அவள் அழிக்கவில்லை. தனியாக எடுத்து டிராஃப்டில் போட்டு வைத்தாள். மிச்சத்தைச் சுருக்கினால் தோலில் குறை, மாற்றுத் தோல் வரப்போகிறது என்று இரண்டே வரி. போயிற்று. 'தகவலுக்கு நன்றி. தேதியில் மாற்றம் இல்லைதானே?' என்று பதில் வந்தது.

"பார்த்தியா, அவங்களே கேக்குறாங்க!" மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எங்களால முடிஞ்ச வரைக்கும் பார்க்குறோம்னு போடு. புரிஞ்சுக்குவாங்க."

நம் ஊரில் அப்படிச் சொன்னால் சின்னக் குழந்தைக்கும் புரியும், காரியம் நடக்காது என்று. அந்தம்மாவுக்கு அது 'நடந்துவிடும்' என்றே போய்ச் சேரும். அவள் தொண்டை வறள அதையும் சொல்லிப் பார்த்தாள். மாமா கையை உதறினார். டிராஃப்டில் இருந்த வரியைச் சேர்த்து அனுப்பியிருக்கலாம், அவருக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவர் பேரில் போகிற மெயில். அவர் வேண்டாம் என்றதைப் போட அவளுக்குக் கை வரவில்லை. பாழாய்ப்போன மரியாதை அவளையும் பிடித்து வைத்திருந்தது. மாமா சொன்னபடியே அனுப்பினாள்.

சரக்கு ஏற வேண்டிய நாளில் அந்தம்மா கப்பல் காகிதங்களைக் கேட்டாள். பாதிப் பை வெட்டுமேசையிலேயே கிடக்கிறது என்று அன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மறுநாள் பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"என்னம்மா எழுதியிருக்காங்க? சுருக்கமாச் சொல்லு."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு வளவளவென்று பேச ஆசையாக இருந்தது.

"அவங்க புதுக் கடை திறக்கிறதே அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போயிருக்காம் மாமா. கேட்டிருந்தா மூணு வாரம் குடுத்திருப்பாங்களாம். நாம ஒண்ணும் சொல்லாததால நம்பிக்கை போயிடுச்சாம். வேற இடத்துல ஆர்டர் குடுத்துட்டாங்க."

மாமா மெஷின் பக்கம் பார்த்தபடி இருந்தார். ஒருத்தி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யார் போய்ச் சொல்வது?

"இப்பக் கேட்டுப் பாரும்மா" என்றார் மாமா. "கை நீட்டியே கேளு. நான் கேக்குறேன்னு போடு."

பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் டிராஃப்டைத் திறந்தாள். அந்த வரி அப்படியே இருந்தது. ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அனுப்பினாள். அந்தம்மா கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள் போல, உடனே பதில் வந்தது.

மாமா நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். "என்னம்மா, முழுசாப் படி."

"படிக்க வேண்டாம் மாமா," என்றாள். "முதல் வரியிலயே சொல்லிட்டாங்க."